கேஸ் பிரசன்டேஷன்: ஹிஸ்டரியிலிருந்து டிஸ்கஷன் வரை எங்கே வழி தவறுகிறது

யூனிட் ரவுண்ட்ஸில் கேஸ் பிரசன்ட் செய்யும் பலர் முதல் வாக்கியத்திலேயே கேஸை முடித்துவிடுகிறார்கள். "38 வயது ஆண், ஆல்கஹாலிக் சிரோசிஸ் நோயாளி, வயிற்று வீக்கத்துக்காக அட்மிட் ஆகியிருக்கிறார்." இதைக் கேட்டதும் சுற்றி நிற்பவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அதன் பிறகு சொல்லப்படும் ஹிஸ்டரியும் பரிசோதனையும் ஏற்கெனவே ஒட்டிய லேபிளுக்குச் சாட்சி சொல்ல மட்டுமே உதவும். பிரசன்டேஷனில் நடக்கும் மற்ற தவறுகளில் பாதி இந்த ஒன்றிலிருந்து கிளைப்பவை.

பாடத்துக்காக ஒரு கேஸைக் கட்டிக்கொள்வோம். சுமை தூக்கும் தொழிலாளி, வயது 38. எட்டு மாதமாக வயிறு மெல்ல மெல்ல வீங்குகிறது. ஐந்து மாதமாகக் காலிலும் வீக்கம். வேலையில் சீக்கிரம் களைத்துப்போகிறார், மூட்டையோடு படியேறினால் மூச்சு வாங்குகிறது. வேறொரு மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரியில் 'சிரோசிஸ்' என்று எழுதியிருக்கிறது. இரண்டு முறை வயிற்றிலிருந்து நீர் எடுத்திருக்கிறார்கள், மறுபடி சேர்ந்துவிட்டது. குடிப்பழக்கம் உண்டு.

இந்த நோயாளியின் முக்கியத் தொந்தரவுகளை எப்படிச் சொல்வது? காலவரிசைப்படி, நோயாளி சொன்ன வார்த்தைக்கு நெருக்கமாக: எட்டு மாதமாக வயிறு வீக்கம், ஐந்து மாதமாகக் கால் வீக்கம், நான்கு மாதமாக வேலை செய்தால் மூச்சு வாங்குதல். அவ்வளவுதான். பழைய டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்த நோயின் பெயர் ஹிஸ்டரியின் முதல் வரிக்கு வரக்கூடாது. "அங்கே இப்படிச் சொல்லி, இந்த மாத்திரைகள் கொடுத்தார்கள்" என்று சிகிச்சை வரலாற்றில் சொன்னால் போதும்.

வரிசையை ஏன் இவ்வளவு கறாராகப் பார்க்கிறோம் என்றால், இந்தக் கேஸில் வரிசையே ஒரு தடயம். சாதாரண இதயச் செயலிழப்பில் நீர் முதலில் காலில் தெரியும், வயிற்றுக்குப் பிறகுதான் வரும். வயிறு முந்திக்கொண்டால் லிவரைப் பற்றி நினைக்கிறோம், அது சரிதான். ஆனால் இதயத்தைச் சுற்றியுள்ள உறை தடித்து இறுகிப்போகும் கன்ஸ்ட்ரிக்டிவ் பெரிகார்டைட்டிஸிலும் வயிறுதான் முந்தும். "வயிறும் காலும் எட்டு மாதமாக வீங்கியிருக்கிறது" என்று இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்பவர் அந்தத் தடயத்தைத் தன் கையாலேயே அழித்துவிடுகிறார்.

'இல்லை'களின் பட்டியல்

அடுத்து, எல்லோரும் செய்யும் ஒன்று. ஹிஸ்டரி முடிந்ததும் மூச்சு விடாமல் ஒரு பட்டியல்: காய்ச்சல் இல்லை, தலைவலி இல்லை, வலிப்பு இல்லை, மூட்டுவலி இல்லை, சிறுநீர் எரிச்சல் இல்லை. கேட்பவருக்கு எது முக்கியம், எது சடங்கு என்று தெரியாது. ஒவ்வொரு 'இல்லை'யும் ஏதாவது ஒரு சாத்தியத்தைத் தள்ளி வைக்கவேண்டும். அந்த வேலையைச் செய்யாத 'இல்லை' கேஸ் ஷீட்டில் இருக்கட்டும், வாயில் வேண்டாம்.

இங்கே வேண்டியவை சில மட்டும். மஞ்சள் காமாலை இல்லை, ரத்த வாந்தி இல்லை, கறுப்பாக மலம் போகவில்லை, தூக்கம் தலைகீழாகவில்லை. இத்தனை மாதம் வயிற்றில் நீர் இருந்தும் லிவர் செயலிழப்பின் மற்ற அறிகுறிகள் எதுவும் இல்லை என்பது சிரோசிஸை விலக்கிவிடாது, ஆனால் கேள்வி கேட்க வைக்கும். அப்புறம், காலையில் எழுந்ததும் முகம் வீங்குவதில்லை, சிறுநீர் நுரைப்பதில்லை. இது கிட்னி பக்கம் போகும் வழியைக் குறுக்கும். நான்கைந்து வாக்கியத்தில் இதைச் சொல்லி முடித்தால் கேட்பவர் உங்களோடு சேர்ந்தே யோசித்துக்கொண்டு வருவார்.

குடிப்பழக்கத்தையும் இப்படித்தான் பார்க்கவேண்டும். 'ஆல்கஹாலிக்' என்ற ஒற்றைச் சொல் ஹிஸ்டரி ஆகாது. என்ன, எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒருமுறை, எத்தனை வருஷம் என்று கேட்டு எழுதுங்கள். நம் தொழிலாளி ஆறு வருஷமாக வாரத்துக்கு இரண்டு குவார்ட்டர் பிராந்தி குடிக்கிறார். 180 மில்லி, 42.8 சதவீதம் என்று கணக்குப் போட்டால் ஒரு குவார்ட்டரில் சுமார் 60 கிராம் ஆல்கஹால். வாரத்துக்கு 120 கிராம், நாளொன்றுக்குச் சராசரியாக 20 கிராமுக்கும் கீழே. இந்த அளவில் ஆறு வருஷத்தில் 38 வயதுக்காரருக்கு முற்றிய சிரோசிஸ் வந்திருக்கிறது என்றால் வேறு ஏதோ காரணம் கூட இருக்கவேண்டும், அல்லது அது சிரோசிஸே இல்லை. நோயாளிகள் குறைத்துச் சொல்வதுண்டு என்பது உண்மை. அதனால் மனைவியிடம் தனியாகக் கேட்டு இரண்டையும் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ரவுண்ட்ஸ் ஆங்கிலத்தில் நடந்தாலும் 'ஆல்கஹாலிக்', 'கேன்சர்', 'எச்.ஐ.வி.' போன்ற சொற்கள் கட்டிலில் படுத்திருப்பவருக்கும் பக்கத்துக் கட்டில்காரருக்கும் நன்றாகவே புரியும். அந்தப் பகுதியை வார்டு வாசலில் நின்று பேசிவிட்டுக் கட்டிலருகே போவது நல்ல பழக்கம்.

முன்வரலாறு என்ற கடைசி மூலை

'முன்பு சர்க்கரை இல்லை, பி.பி. இல்லை, டி.பி. இல்லை' என்று ஒரே மூச்சில் சொல்லிக் கடந்துபோவதில்தான் இந்தக் கேஸ் கைநழுவும். 'உங்களுக்கு டி.பி. வந்திருக்கிறதா' என்று கேட்டால் பலர் இல்லை என்பார்கள். 'ஆறு மாசம் தினமும் மாத்திரை சாப்பிட்டீர்களா, சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனதா, நெஞ்சிலிருந்து ஊசி போட்டு நீர் எடுத்தார்களா' என்று கேட்டுப் பாருங்கள். நம் நோயாளி ஐந்து வருஷத்துக்கு முன்னால் நெஞ்சில் நீர் கோத்து, மாத்திரை ஆரம்பித்து, உடம்பு தேறியதும் மூன்றாவது மாதத்தில் நிறுத்திவிட்டார்.

இந்தத் தகவல் கிடைத்துவிட்டால் அதை முன்வரலாற்றிலேயே பூட்டி வைக்கவேண்டியதில்லை. இப்போதைய நோயோடு நேரடித் தொடர்பு இருக்கலாம் என்று நினைத்தால் ஹிஸ்டரியின் தொடக்கத்திலேயே, "ஐந்து வருஷத்துக்கு முன் டி.பி. சிகிச்சையைப் பாதியில் விட்டவர், எட்டு மாதத்துக்கு முன்புவரை நன்றாக இருந்தார்" என்று கொண்டுவரலாம். தலைப்புகளின் வரிசை கேட்பவருடைய வசதிக்காக ஏற்பட்டது.

கழுத்தைப் பார்க்காத பரிசோதனை

பரிசோதனையைச் சொல்லும்போது நேரே வயிற்றுக்குப் போய்விடுவது அடுத்த தவறு. ஹிஸ்டரி வயிற்றைப் பற்றியது, அதனால் கையும் வயிற்றுக்கே போகிறது. 'ஜே.வி.பி. உயரவில்லை' என்று ஒரு வரி மட்டும் பழக்கத்தில் வந்துவிடும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நோயாளியை 45 டிகிரியில் சாய்த்துப் படுக்கவைத்துக் கழுத்தைப் பார்க்கிறோம். சாதாரணமாக நாடித்துடிப்பின் மேல்மட்டம் மார்பெலும்புக் கோணத்திலிருந்து செங்குத்தாக 3 சென்டிமீட்டருக்குள் இருக்கும். கன்ஸ்ட்ரிக்‌ஷனில் அழுத்தம் மிக அதிகமாகி, மேல்மட்டம் தாடைக்கு மேலே போய் மறைந்துவிடும். கழுத்தில் துடிப்பே தெரியாது, 'நார்மல்' என்று எழுதிவிடுவோம். நேராக உட்காரவைத்துப் பாருங்கள். மேல்மட்டம் கழுத்தின் நடுவே இறங்கித் தெரியும், சில பேருக்குக் காதுமடல்கூட அசையும். மூச்சை உள்ளிழுக்கும்போது அது குறையாமல் உயர்ந்தால் அதையும் சொல்லுங்கள், அதுதான் குஸ்மால் அடையாளம். வயிற்றில் நீர் இறுக்கமாக இருந்தாலே ஜே.வி.பி. ஓரளவு உயர்ந்து தெரியலாம் என்பதால், நீரை எடுத்த பிறகும் ஒருமுறை பார்த்து அந்த அளவையும் சேர்த்துச் சொல்வது நல்லது. எந்த நிலையில் வைத்துப் பார்த்தீர்கள், எத்தனை சென்டிமீட்டர் என்று சொல்லாத ஜே.வி.பி. தகவலை யாரும் நம்பமுடியாது.

சரி, இதற்குப் பிறகு மற்றவை தாமாகவே வந்து சேரும். லிவர் பெரிதாகி, துடிக்கிறது. தோலில் சிலந்தி போன்ற ரத்தநாளங்கள் இல்லை, உள்ளங்கை சிவக்கவில்லை. இரண்டாவது இதய ஒலியை ஒட்டியே கூடுதலாக ஓர் ஒலி கேட்கிறது.

சுருக்கம் சொல்லாமல் ரிப்போர்ட்டைத் திறப்பது

பரிசோதனை முடிந்ததும் கை போனுக்குப் போய் ஸ்கேன் படத்தைத் தேடுகிறது. அதற்கு முன்னால் நின்று, இரண்டு வாக்கியத்தில் கேஸைச் சொல்லவேண்டும். பொதுவாகக் கேட்கும் சுருக்கம் இது: "38 வயது ஆண், குடிப்பழக்கம் உள்ளவர், வயிறு வீக்கம், கால் வீக்கம், மூச்சு வாங்குதல், பரிசோதனையில் அசைட்டிஸ்." முன்பு சொன்னதைக் குறுக்கித் திரும்பச் சொல்கிறது, ஒன்றையும் முடிவு செய்யவில்லை.

இதை இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "டி.பி. சிகிச்சையைப் பாதியில் விட்ட 38 வயது ஆணுக்கு, கால் வீக்கத்துக்கு முன்பே தொடங்கி எட்டு மாதமாக நீடிக்கும் அசைட்டிஸ். ஜே.வி.பி. மிக உயர்ந்து மூச்சிழுக்கும்போது இன்னும் உயர்கிறது, நாள்பட்ட லிவர் நோயின் வெளி அடையாளங்கள் இல்லை." இதில் நோயின் பெயர் இல்லை. ஆனாலும் கேட்பவர் அதே இடத்துக்கு வந்துவிடுவார். அதன் பிறகு உத்தேச நோயறிதலைச் சொல்லும்போது உடற்கூறு, காரணம், செயல்நிலை மூன்றும் வரட்டும்: கன்ஸ்ட்ரிக்டிவ் பெரிகார்டைட்டிஸ், பெரும்பாலும் டி.பி.யால், சைனஸ் ரிதத்தில், மூச்சு வாங்குதல் இரண்டாம் வகுப்பு.

இப்போது ரிப்போர்ட். அதையும் கேள்வியோடு எடுங்கள். வயிற்று நீரில் என்ன கேட்கிறோம்? சீரம் அல்புமின் 3.4, வயிற்று நீர் அல்புமின் 1.9, வித்தியாசம் 1.5. இது 1.1க்கு மேல் என்பதால் போர்ட்டல் அழுத்தம் கூடியிருக்கிறது. வயிற்றுச் சவ்வின் டி.பி. என்றால் வழக்கமாக இதற்குக் கீழே இருக்கும். நீரின் மொத்தப் புரதம் 3.8 கிராம். சிரோசிஸில் பொதுவாக 2.5க்குக் கீழே, இதயம் காரணமாக வரும் அசைட்டிஸில் மேலே. இரண்டு எண்ணும் சேர்ந்துதான் விடை தருகிறது. முதல் எண்ணை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது பழைய லேபிளுக்கே ஆதரவாகப் போய்விடும். பழைய எக்கோவில் 'பம்ப்பிங் நார்மல், 60 சதவீதம்' என்று இருப்பதும் இதற்கு எதிரானதல்ல. இந்த நோயில் இதயம் நன்றாகவே சுருங்கும், நிரம்பத்தான் முடியாது.

டிஸ்கஷனில் எதைப் பேசுவது

'சிரோசிஸின் காரணங்கள், சிக்கல்கள், சிகிச்சை' என்று பாடப்புத்தகத் தலைப்புகளை வரிசையாக வைப்பதே இங்கே வழக்கமாக நடக்கும் தவறு. அதை நோயாளி இல்லாமலே பேசிவிடலாம். இந்தக் கட்டிலருகே நின்று மட்டுமே பேசமுடிகிற கேள்விகள் மூன்று போதும். ஜே.வி.பி. உயர்ந்த அசைட்டிஸில் கன்ஸ்ட்ரிக்‌ஷனையும் ரெஸ்ட்ரிக்டிவ் கார்டியோமயோபதியையும் எதை வைத்துப் பிரிப்பது, எக்கோ செய்பவரிடம் எதைக் குறிப்பாகப் பார்க்கச் சொல்வது? மூச்சோடு மாறும் ரத்த ஓட்டத்தையும் இடைச்சுவரின் துள்ளலையும் பார்க்கச் சொல்லாவிட்டால் மறுபடியும் 'நார்மல்' என்றே ரிப்போர்ட் வரும். டி.பி. இன்னும் உயிர்ப்போடு இருக்கிறதா, மருந்து மறுபடி தொடங்கவேண்டுமா, பாதியில் விட்டவர் என்பதால் மருந்து எதிர்ப்புப் பரிசோதனைக்கு எதை அனுப்புவது? பெரிகார்டியத்தை அகற்றும் அறுவை சிகிச்சைக்கு எப்போது அனுப்புவது, லிவரும் உடல் எடையும் மோசமாகும்வரை காத்திருந்தால் என்ன இழக்கிறோம்?

மூன்றாவது கேள்விக்கு சி.டி. எடுத்து உறையில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா, அழற்சி இன்னும் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பதில் சொல்லமுடியும். அழற்சி இருந்தால் சிலருக்கு மருந்திலேயே இறுக்கம் தளர்கிறது. ஆகவே சி.டி. எப்போது, அதுவரை டையூரெட்டிக் எந்த அளவில் என்பதைப் பிரசன்ட் செய்தவரே சொல்லிவிட்டு, சீஃப் என்ன மாற்றுகிறார் என்று கேட்டு அன்றைய கேஸ் ஷீட்டில் எழுதவேண்டும்.