அரபிக் கல்யாணப் பத்திரிகையைப் படிப்பது எப்படி? (கரீமா யார் என்று தேடியவனின் குறிப்புகள்)

ஜித்தாவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எங்கள் மேலாளர் தன் மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை கொடுத்தார். சின்ன வயதிலிருந்து குர்ஆன் ஓதியவன் என்பதால் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டேன். மறுநாள் அவரிடம் போய், "உங்கள் மகனுக்கும் கரீமாவுக்கும் வாழ்த்துகள்" என்றேன். அவர் ஒரு நிமிடம் விழித்தார், அப்புறம் சிரித்தார். மணப்பெண்ணின் பெயர் கரீமா இல்லை. அந்தப் பத்திரிகையில் அவள் பெயரே இல்லை.

நம் ஊர்ப் பத்திரிகையில் "திருநிறைச்செல்வி" என்று இருப்பதைப் பார்த்து, பெண்ணின் பெயர் செல்வி என்று ஒருவர் நினைத்தால் எப்படி இருக்கும்? நான் செய்தது அதேதான். அன்றிலிருந்து கைக்கு வந்த பத்திரிகைகளை எல்லாம் உட்கார்ந்து படித்துக் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். அரபு எழுத்து தெரியும், பொருள் தெரியாது என்பவர்களுக்கான குறிப்பு இது. ஜபர், ஜேர், பேஷ் எதுவும் பத்திரிகையில் போட மாட்டார்கள். அதற்கு மட்டும் கொஞ்சம் பழக வேண்டும்.

சவுதியில் வழக்கமாக வரும் மாதிரி கீழே இருக்கிறது. பெயர்கள் வரும் இடத்தில் புள்ளி வைத்திருக்கிறேன்.

```
بسم الله الرحمن الرحيم
يتشرف السيد / ......
بدعوتكم لحضور حفل زفاف نجله
الأستاذ / ......
على كريمة السيد / ......
وذلك بمشيئة الله تعالى
مساء يوم الخميس ليلة الجمعة
٩ / ١٠ / ١٤٤٥هـ الموافق ١٨ / ٤ / ٢٠٢٤م
وبحضوركم يتم لنا السرور
جنة الأطفال منازلهم
```

முதலில், அழைப்பது யார்?

பிஸ்மிக்கு அடுத்த வரியின் முதல் சொல் "யதஷர்ரஃபு". பெருமை கொள்கிறார், தமக்குக் கிடைத்த கௌரவமாகக் கருதுகிறார் என்று பொருள். "உங்களை அழைக்கிறேன்" என்று நேராகச் சொல்வது மரியாதைக் குறைவு. "உங்களை அழைப்பதால் இவருக்குக் கௌரவம்" என்று படர்க்கையில் சொல்வதுதான் முறை. பெயருக்கு முன்னால் உள்ள சாய்வுக்கோட்டைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். நாம் "திரு." என்று புள்ளி வைப்பது போல, பட்டம் முடிந்து பெயர் தொடங்குகிறது என்பதற்கான அடையாளம் அது.

அடுத்து "பிதஅவதிகும்", அதாவது "உங்களை அழைப்பதில்". கடைசியில் வரும் "கும்" பன்மை. ஒரே ஆளுக்குக் கொடுத்தாலும் பன்மைதான், நம் "தாங்கள்" மாதிரி.

பெண்களுக்குப் பல வீடுகளில் தனிப் பத்திரிகை அடிப்பார்கள். அதன் தொடக்கம் இப்படி இருக்கும்:

```
تتشرف حرم السيد / ......
بدعوتكن
```

இங்கே வினை "ததஷர்ரஃபு" என்று பெண்பாலாகிவிட்டது. "கும்" போய் "குன்ன" வந்துவிட்டது. கடைசி எழுத்து மீமா நூனா என்று பார்த்தாலே யாருக்கான பத்திரிகை என்று தெரிந்துவிடும். நடுவில் உள்ள சொல்லைப் பார்த்து "ஹராமா?" என்று என் அறை நண்பர் ஒருவர் பதறினார். அது "ஹரம்", நடுவில் அலிஃப் கிடையாது. இன்னாரின் மனைவி என்று மரியாதையாகச் சொல்லும் சொல். மக்கா ஹரம் என்கிறோமே, அதே வேரிலிருந்து வந்தது. காக்கப்பட வேண்டியது, மதிப்புக்குரியது என்ற கருத்து.

என்னைக் கவிழ்த்த வரி

மூன்றாம் வரியின் கடைசிச் சொல் "நஜ்லிஹி". நஜ்ல் என்றால் மகன். வீட்டில் யாரும் இப்படிப் பேச மாட்டார்கள், அங்கே "இப்ன்", "வலத்" எல்லாம் போதும். பத்திரிகைக்கென்று எடுத்து வைத்திருக்கும் சொல் இது. நம் முஸ்லிம் பத்திரிகைகளில் "தீன்குலச் செல்வன்" வருவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பெண்பாலில் இணையாக வரும் சொல்தான் கரீமா. கரீம் என்றால் கொடையாளி, மேன்மையானவர் என்று நமக்குத் தெரியும். பத்திரிகையில் கரீமா என்றால் "மதிப்புக்குரிய மகள்". ஐந்தாம் வரியைச் சேர்த்துப் படித்தால் "அலா கரீமத்திஸ் ஸய்யித் இன்னார்", அதாவது "இன்னாரின் மகளுடன்". அலா என்றால் "மேல்" என்று ஓதும்போது பழகியிருப்போம். இங்கே அந்தப் பொருளை மறந்துவிடுங்கள். யாருக்கு யாரோடு கல்யாணம் என்று இணைக்கும் வேலைதான் அதற்கு.

இது பெயரா உறவுச் சொல்லா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கரீமாவுக்கு அடுத்து ஓர் ஆணின் பட்டமும் பெயரும் வந்தால் அது மகள். சொல் "கரீமத்துஹு" என்றோ "கரீமத்திஹி" என்றோ முடிந்தால், அதாவது வட்டத் தா விரிந்து கடைசியில் ஹா ஒட்டியிருந்தால், "அவருடைய மகள்". அப்படி இருக்கும் பத்திரிகையில் அழைப்பது பெண் வீட்டார். மாப்பிள்ளை பெயர் அலாவுக்குப் பின்னால் வரும். வரிசை அப்படியே தலைகீழாகிவிடும், யார் வீட்டுப் பத்திரிகை என்பதை இதை வைத்தே சொல்லிவிடலாம்.

பெண்ணின் பெயரை ஏன் போடுவதில்லை? சவுதியிலும் வளைகுடாவின் பல குடும்பங்களிலும், வெளி ஆண்கள் கையில் போகும் காகிதத்தில் வீட்டுப் பெண்ணின் பெயரை அச்சிடுவதை இன்றும் விரும்புவதில்லை. எல்லாக் குடும்பமும் அப்படி இல்லை. பெயர் போட்டால் பெரும்பாலும் முன்னால் "ஆனிஸா" என்று வரும், செல்வி என்ற பொருளில்.

அகராதி பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் ஹான்ஸ் வேர் அகராதியைத்தான் சொல்வேன். அதில் சொற்கள் வேரெழுத்துப்படி அடுக்கப்பட்டிருக்கும். கரீமாவைக் காஃப், ரா, மீம் என்ற வேரின் கீழ் தேட வேண்டும். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். ஆனால் ஹரமும் ஹராமும் ஒரே பக்கத்தில் அருகருகே கிடப்பதைப் பார்க்கும்போது, போனில் தட்டிப் பார்ப்பதைவிட நன்றாக மனதில் நிற்கும்.

தேதி: இங்கேதான் ஆட்கள் ஒரு நாள் தாமதமாகப் போகிறார்கள்

"பிமஷீஅத்தில்லாஹி தஆலா" என்றால் இறைவன் நாட்டப்படி. சந்தேகம் எதுவும் இல்லை, தேதி உறுதியாகிவிட்டது, எதிர்காலத்தைச் சொல்லும்போது சேர்க்கும் மரியாதை அவ்வளவே.

மாதிரியில் இருக்கும் எண்களை வலமிருந்து படியுங்கள்: நாள் 9, மாதம் 10, ஆண்டு 1445. பின்னால் உள்ள ஹா எழுத்து ஹிஜ்ரி என்பதற்கு. பத்தாவது மாதம் ஷவ்வால். "அல்முவாஃபிக்", அதற்கு இணையான தேதி, 18-4-2024. மீம் எழுத்து மீலாதி, அதாவது ஆங்கிலத் தேதி. அரபு எண்களில் ஐந்து நம் பூஜ்யம் மாதிரி வட்டமாக இருக்கும், பூஜ்யமோ வெறும் புள்ளி. மண்டப எண்ணையும் நேரத்தையும் இதனால் தவறாகப் படித்தவர்கள் நிறைய.

உண்மையான வில்லங்கம் "லைலத்துல் ஜுமுஆ". வெள்ளி இரவு என்று மொழிபெயர்த்துக்கொண்டு வெள்ளிக்கிழமை இரவு மண்டபத்துக்குப் போனால், அங்கே நாற்காலி அடுக்கிக்கொண்டிருப்பார்கள். ஹிஜ்ரி நாள் மக்ரிபோடு தொடங்குகிறது. அதனால் வெள்ளியின் இரவு என்பது வியாழன் பொழுது சாய்ந்த பின் வருவது. நம் ஊர் தர்கா நோட்டீஸில் "வியாழன் மாலை, வெள்ளி இரவு" என்று போடுவார்களே, அதே கணக்கு. மாதிரியில் "வியாழன் மாலை" என்று முன்னால் இருப்பதால் தப்பிக்கலாம். சில பத்திரிகையில் லைலத்துல் ஜுமுஆ மட்டுமே இருக்கும். அப்போது ஆங்கிலத் தேதியைப் பார்த்து, அது என்ன கிழமை என்று காலண்டரில் சரிபாருங்கள்.

கடைசி இரண்டு வரி

"உங்கள் வருகையால் எங்கள் மகிழ்ச்சி நிறைவு பெறும்" என்பது ஒன்பதாம் வரி. நம் பத்திரிகையில் "சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து" என்று எழுதுவோம். இங்கே அப்படி ஒரு சொல் இல்லை என்பதைக் கவனியுங்கள். உறையில் யார் பெயரோ அவருக்குத்தான் அழைப்பு. பெயருக்கு முன் "அல்முகர்ரம்", பின்னால் "அல்முஹ்தரம்" என்று போடுவார்கள், இரண்டுமே மதிப்பிற்குரிய என்பதுதான். "வஹரமுஹு" என்று கூட இருந்தால் மனைவிக்கும் சேர்த்து.

பத்தாம் வரி "ஜன்னத்துல் அத்ஃபாலி மனாஸிலுஹும்". குழந்தைகளின் சொர்க்கம் அவர்களுடைய வீடுகளே. படித்ததும் என்ன அழகான வாழ்த்து என்று மனைவியிடம் சொன்னேன். பையனையும் கூட்டிக்கொண்டு போனோம். பெண்கள் பக்க வாசலில் நின்ற அம்மா அவனை உள்ளே விடவில்லை. "பிள்ளைகளைக் கூட்டி வராதீர்கள்" என்பதைத்தான் இத்தனை நயமாகச் சொல்லியிருக்கிறார்கள். பையன் அன்றைக்கு இரவு முழுக்க என் மடியில் தூங்கினான்.

பதில் சொல்வது

"மப்ரூக்" போதும். எழுத்தில் அனுப்ப வேண்டுமென்றால் நம் ஊர் நிக்காஹ் பத்திரிகையிலும் வரும் துஆவே சிறந்தது:

```
بارك الله لكما وبارك عليكما وجمع بينكما في خير
```

மணமக்கள் இருவரையும் நோக்கிச் சொல்வதால் "லகுமா", "அலைகுமா" என்று இருமையில் இருக்கிறது. மாப்பிள்ளையிடம் மட்டும் சொன்னால் "லக", "அலைக்க". பழைய "பிர்ரிஃபாஇ வல்பனீன்" என்ற வாழ்த்தை நான் தவிர்க்கிறேன். ஆண்மக்கள் பிறக்கட்டும் என்ற அந்த வாழ்த்தை மார்க்கப் பற்றுள்ளவர்கள் பலர் விரும்புவதில்லை.

பின்னால் சேர்த்தது: கெய்ரோவில் படிக்கும் ஒரு வாசகர், தனக்கு வந்த பத்திரிகையில் "வல்ஆகிபத்து இந்தகும் ஃபில் மஸர்ராத்" என்று இருப்பதாகவும், ஆகிபத் என்றால் விளைவு என்று அகராதி சொல்வதாகவும், ஏதாவது மிரட்டலா என்றும் கேட்டிருந்தார். இல்லை. அடுத்து உங்கள் வீட்டிலும் இதே மாதிரி சந்தோஷம் வரட்டும் என்பது அது. எகிப்தில் அடிக்கடி பார்க்கலாம்.

இன்னொன்று: "அக்து கிரான்" என்று இருந்த பத்திரிகைக்கு ஒருவர் இரவு விருந்தை நினைத்துப் போய், ஒப்பந்தம் எழுதி முடித்து இனிப்போடு திரும்பியிருக்கிறார். அக்து கிரான் என்பது நிக்காஹ் ஒப்பந்தம் மட்டும். வளைகுடாவில் பேச்சில் அதை "மில்கா" என்பார்கள். ஸிஃபாஃப் என்றால்தான் பெண்ணை அழைத்துப் போகும் பெரிய விழா. இரண்டும் ஒரே நாளில் நடக்க வேண்டும் என்று இல்லை, நடுவே மாதக்கணக்கில் இடைவெளி இருப்பதும் உண்டு. ஆகவே மூன்றாம் வரியில் "ஹஃப்ல்" என்ற சொல்லுக்கு அடுத்து என்ன வருகிறது என்று பார்த்துவிட்டுப் பசியோடு கிளம்புங்கள்.