பெற்றோலா, டீசலா? மலையகத்துச் சிறு கடைக்கு ஜெனரேட்டர் தெரிவு செய்யும் முறை

டீசல் லீற்றருக்கு விலை குறைவு, ஆகவே டீசல் ஜெனரேட்டர்தான் இலாபம் என்று பல கடைக்காரர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். பஸ்ஸுக்கும் லொறிக்கும் அந்தக் கணக்குச் சரி. ஒரு ஃபிரிஜ், ஒரு ஐஸ்கிரீம் பெட்டி, நாலைந்து பல்பு என்று ஓடும் கடைக்கு அது பெரும்பாலும் பிழைத்துப்போகிறது. எங்கே பிழைக்கிறது என்பதைக் காட்ட, ஹட்டன் நகரில் உள்ள ஒரு சில்லறைக் கடையை எடுத்துக்கொள்வோம். நாளுக்கு இரண்டு மணி நேரம் மின்சாரம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். காசல்ரீயும் மவுசாக்கலையும் நிரம்பி வழியும் பருவத்திலேயே, மரம் முறிந்து கம்பியில் விழுந்து நம் கடைகள் இருண்டு கிடக்கின்றன. இந்த வேடிக்கையை மலையகத்தாருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

படி 1: கடையின் சுமையைக் கூட்டுங்கள்

ஒவ்வொரு பொருளின் பின்புறத்திலும் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் எத்தனை வோட் என்று பாருங்கள். வோட் இல்லாமல் அம்பியர் மட்டும் இருந்தால் 230 ஆல் பெருக்குங்கள். நம் கடையில் எல்.ஈ.டி. பல்புகள் ஆறும் சேர்த்து 60 வோட். சோடா வைக்கும் கண்ணாடிக் கதவு ஃபிரிஜ் 300, ஐஸ்கிரீம் பெட்டி 150. தராசு, போன் சார்ஜர், பில் இயந்திரம் எல்லாம் சேர்ந்து 40. மொத்தம் 550 வோட்.

இந்த 550 ஐ மட்டும் நம்பி ஜெனரேட்டர் வாங்கக்கூடாது. ஃபிரிஜின் கம்பிரசர் ஓடத் தொடங்கும் அந்த ஒரு கணத்தில், வழக்கத்தைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வரை இழுக்கும். நான்கு மடங்கு என்று வைத்தால் ஃபிரிஜுக்கு 1,200, ஐஸ்கிரீம் பெட்டிக்கு 600. இரண்டும் ஒன்றாகத் தொடங்கினால், மற்றவற்றுக்கான 100 ஐயும் சேர்த்து 1,900 வோட் வேண்டும். நம் கடைக்குத் தேவையான அளவு அதுதான்.

படி 2: உயரத்துக்குக் கழியுங்கள்

கொழும்பில் இருப்பவருக்கு இந்தப் படியே தேவையில்லை. நமக்கு இதை விட்டால் பணம் வீண். மலையில் காற்று ஐதாக இருப்பதால் எஞ்சினுக்குள் போகும் ஒட்சிசன் குறைகிறது. டர்போ இல்லாத சிறு எஞ்சின்கள், பெற்றோலோ டீசலோ, ஏறக்குறைய ஒவ்வொரு 300 மீற்றர் உயரத்துக்கும் தங்கள் வலுவில் 3.5 வீதம் அளவில் இழக்கின்றன. ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரம், ஆகவே இழப்பு 15 வீதம். நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர், அங்கே 22 வீதம்.

பலகையில் 2 கிலோவோட் என்று எழுதியுள்ள இயந்திரம் ஹட்டனில் 1.7 தான் கொடுக்கும். நமக்கு வேண்டியது 1.9. போதாவிட்டால் என்ன நடக்கும் என்பதைக் கண்ணாலும் காதாலும் அறியலாம்: பல்பு மங்கும், கம்பிரசர் உறுமும், ஆனால் ஓடத் தொடங்காது. அப்படியே விட்டால் கம்பிரசரின் சுருள் கருகிவிடும். 2.5 கிலோவோட் இயந்திரம் ஹட்டனில் 2.1 கொடுக்கும், நுவரெலியாவில் 1.9 ஐச் சற்றே தாண்டும். வாங்கும்போது பலகையில் உள்ள உச்ச அளவைப் பார்க்காதீர்கள். தொடர்ந்து ஓடக்கூடிய அளவு அதற்குக் கீழே தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும், அதையே எடுங்கள்.

நுவரெலியா, கந்தப்பளைப் பக்கத்தில் உள்ளவர்களுக்கு இன்னொன்று. ஏறத்தாழ 1,500 மீற்றருக்கு மேல் சாதாரண காபரேட்டர், காற்றின் அளவுக்கு மிஞ்சிப் பெற்றோலை ஊற்றுகிறது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் நுனியில் கரி அப்பியிருக்கும். அப்போது உயரமான இடங்களுக்கென்று வரும் சிறிய துளையுள்ள ஜெட்டை மாற்றச் சொல்லுங்கள். இழந்த வலு முழுவதும் திரும்பாது, எரிபொருள் வீணாவது குறையும்.

படி 3: ஒரு மணி நேரச் செலவைக் கணக்கிடுங்கள்

எரிபொருள் விலை அடிக்கடி மாறுவதால், கணக்குக்காகப் பெற்றோல் லீற்றர் 300 ரூபா, டீசல் 280 ரூபா என்று வைத்துக்கொள்கிறேன். நீங்கள் வாசிக்கும் நாளின் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

சாதாரண 2.5 கிலோவோட் பெற்றோல் இயந்திரம் நம் கடையின் 550 வோட் சுமையில் மணிக்கு 0.8 லீற்றர் அளவில் குடிக்கும். டீசலில் கடைகளில் எளிதாகக் கிடைப்பது 5 கே.வி.ஏ. இயந்திரம், அதாவது சுமார் 4 கிலோவோட். அது இதே சுமையில் 0.6 லீற்றர் அளவில் குடிக்கும். பெற்றோலுக்கு மணிக்கு 240 ரூபா, டீசலுக்கு 168 ரூபா. மிச்சம் 72 ரூபா.

சுமை இவ்வளவு சிறிதாக இருந்தும் டீசல் ஏன் 0.6 குடிக்கிறது? அது பெரிய எஞ்சின். எதையும் இழுக்காமல் தன்னைத் தானே சுழற்றிக்கொள்வதற்கே கணிசமாக எரிக்கிறது. டீசலின் சிக்கனம் சுமை ஏறும்போதுதான் தெரியும்.

விற்பவர் சொல்லும் அளவை நம்ப வேண்டியதில்லை. தாங்கியை விளிம்பு வரை நிரப்பி, உங்கள் கடைப் பொருள்களையே மாட்டி ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். இயந்திரம் ஆறியபின் அளவு ஜக்கால் மீண்டும் விளிம்பு வரை ஊற்றுங்கள். ஊற்றிய அளவுதான் உண்மைக் கணக்கு.

படி 4: பராமரிப்பைச் சேருங்கள்

பெரும்பாலோர் மறந்துவிடும் படி இது. எங்கள் உதாரணக் கடையில் முடிவையே இதுதான் மாற்றுகிறது.

இரண்டு வகைக்கும் புதிதில் முதல் 20 மணி நேரத்தில் ஒயில் மாற்ற வேண்டும், பிறகு ஏறக்குறைய 100 மணிக்கு ஒரு தடவை. மாதம் 60 மணி ஓடும் நம் கடைக்கு அது ஒன்றரை மாதத்துக்குச் சற்று அதிகம். சிறிய பெற்றோல் எஞ்சினுக்கு 0.6 லீற்றர் ஒயில் போதும். 5 கே.வி.ஏ. டீசலுக்கு 1.6 லீற்றருக்கு மேல் வேண்டும். ஒயில் லீற்றர் 2,000 ரூபா என்றால், டீசலுக்கு ஒவ்வொரு 100 மணிக்கும் ஏறத்தாழ 2,100 ரூபா கூடுதல், அதாவது மணிக்கு 21 ரூபா. மிச்சமான 72 இப்போது 51 ஆகிவிட்டது.

டீசல் இயந்திரம் பெற்றோலைவிட 200,000 ரூபா அதிகம் என்று வையுங்கள். அதை 51 ஆல் வகுத்தால் சுமார் 3,900 மணி நேரம். மாதம் 60 மணி என்றால் ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் ஓடினால்தான் கூடுதலாகப் போட்ட காசு திரும்பும். மலிவான பெற்றோல் இயந்திரம் அதற்குள் தேய்ந்துவிடும் என்பது உண்மை. ஆனாலும் இரண்டாவது பெற்றோல் இயந்திரம் வாங்கும் காசு பெரும்பாலும் அந்த 200,000 க்குள் அடங்கும்.

இதே கணக்கைப் பேக்கரிக்குப் போடுங்கள். மா குழைக்கும் இயந்திரம், பெரிய ஃபிரிஜ்கள் சேர்ந்து 3 கிலோவோட், நாளுக்கு நான்கு மணி நேரம். பெற்றோல் மணிக்கு 2 லீற்றர் அளவில், 600 ரூபா. டீசல் 1.2 லீற்றர், 336 ரூபா. ஒயில் போக 240 ரூபாவுக்கு மேல் மிச்சம். மாதம் 120 மணி ஓடினால், விலை வித்தியாசம் 200,000 ஆக இருந்தாலும் ஏழு மாதத்தில் திரும்பிவிடும். அங்கே டீசலைத் தவிர வேறொன்றைச் சொல்லமாட்டேன். மோட்டர்கள் தொடங்கும்போது இழுப்பதையும் உயரத்தின் இழப்பையும் சேர்த்துப் பார்த்து, 5 கே.வி.ஏ. க்கு மேலானதை எடுப்பது நல்லது.

சில்லறைக் கடைக்குக் காசு கொஞ்சம் கூட இருந்தால், இன்வேர்ட்டர் வகைப் பெற்றோல் ஜெனரேட்டரைப் பாருங்கள். சுமை குறையும்போது அதன் எஞ்சின் வேகமும் குறைவதால், சிறு சுமையில் செலவு ஏறக்குறைய பாதியாகும். அப்போது டீசலின் சிக்கனம் அநேகமாக மறைந்துவிடும்.

படி 5: எது எப்படிப் பழுதாகும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பெற்றோல் இயந்திரத்தின் எதிரி ஓடாமல் கிடப்பது. மின்வெட்டு இல்லாத மாதங்களில் காபரேட்டரில் தங்கிய பெற்றோல் பிசின்போல் இறுகி ஜெட்டை அடைத்துவிடும். கயிற்றை எவ்வளவு இழுத்தாலும் எஞ்சின் பிடிக்காது. சில வாரம் வேலையில்லை என்று தெரிந்தால் எரிபொருள் குழாயை மூடிவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட்டுங்கள். அது மட்டும் போதும்.

டீசலின் எதிரிகள் வேறு. முதலாவது, குறைந்த சுமை. 4 கிலோவோட் இயந்திரத்தில் 550 வோட் என்பது 14 வீதம்கூட இல்லை. 30 வீதத்துக்குக் கீழே நாள்தோறும் ஓட்டினால் எஞ்சின் போதிய அளவு சூடாகாது, டீசல் முழுமையாக எரியாது. புகைக்குழாயின் வாயில் கறுப்பாக, எண்ணெய்ப் பிசுக்காக ஒழுகத் தொடங்கினால் அதுதான் அடையாளம். ஏற்கெனவே டீசல் வாங்கிவிட்டவர்கள் வாரம் ஒரு தடவை தண்ணீர் கொதிக்கவைக்கும் மின்கேத்தல் போன்ற பெரிய சுமைகளை மாறி மாறி மாட்டி, அரை மணி நேரமாவது பாதிக்கு மேல் சுமையில் ஓட்டுங்கள்.

இரண்டாவது, தண்ணீர். நம் ஊரின் மூடுபனியில் அரைத் தாங்கி டீசலோடு இரவைக் கழிக்கும் இயந்திரத்தில், உட்சுவரில் நீர் கோத்து அடியில் இறங்குகிறது. வேலை முடிந்ததும் தாங்கியை நிரப்பிவையுங்கள், பில்டருக்குக் கீழே உள்ள தண்ணீரை அவ்வப்போது வடித்துவிடுங்கள். தாங்கியை முற்றாக வற்றவும் விடாதீர்கள். குழாயில் காற்றுப் புகுந்தால் டீசல் நிரப்பினாலும் எஞ்சின் பிடிக்காது, நட்டைத் தளர்த்திக் காற்றை வெளியேற்ற வேண்டியிருக்கும்.

படி 6: பொருத்தும் இடமும் இணைப்பும்

மழைக்கும் குளிருக்கும் பயந்து ஜெனரேட்டரைக் கடையின் பின்னறையில் வைத்துக் கதவைச் சாத்துவது மலையகத்தில் அதிகம். புகையில் உள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தலைவலியும் மயக்கமும் வரும்போது ஏற்கெனவே தாமதமாகியிருக்கும். வெளியே, கதவு சன்னல்களிலிருந்து தள்ளி, பக்கங்கள் திறந்த தகரக் கூரையின் கீழ் வையுங்கள். பக்கத்துக் கடைக்காரரின் சன்னலையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு முனையிலும் பிளக் போட்ட வயரால் ஜெனரேட்டரைச் சுவர்ச் சொக்கெட்டில் மாட்டுவதை எக்காரணத்துக்கும் செய்யாதீர்கள். அந்த மின்சாரம் வெளிக்கம்பிக்கும் போகும், கம்பத்தில் ஏறி வேலை செய்யும் மின்சார சபை ஊழியரைக் கொன்றுவிடும். எலக்ட்ரீஷியனைக் கொண்டு மின்மானிக்குப் பிறகு ஒரு சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போடுங்கள். மின்வெட்டு வந்ததும் முதலில் ஃபிரிஜையும் ஐஸ்கிரீம் பெட்டியையும் கழற்றிவிட்டு எஞ்சினைத் தொடக்குங்கள். இரண்டு மூன்று நிமிடம் ஓடி நிதானித்ததும் சுவிட்சைத் திருப்புங்கள். பிறகு ஃபிரிஜை மாட்டி, அதன் கம்பிரசர் சீராக ஓடத் தொடங்கிய பின்னரே ஐஸ்கிரீம் பெட்டியை மாட்டுங்கள். நிறுத்தும்போது வரிசை நேர்மாறு: முதலில் சுமையைக் கழற்றுங்கள், எஞ்சினைச் சும்மா சில நிமிடம் ஓடவிட்டு ஆறியதும் நிறுத்துங்கள்.