அழைப்பில் தெரியும் உங்கள் பெயரை யார் வைத்தது?

“நான் அந்த ஆப்பையே போனில் ஏற்றவில்லை, அப்புறம் என் பெயர் அதில் எப்படி வரும்?” பலரும் கேட்கும் கேள்வி இது. தவறு இந்த இடத்திலேயே தொடங்கிவிடுகிறது. அழைப்பவர் பெயரைத் திரையில் காட்டும் ட்ரூகாலர், கெட்கான்டாக்ட் போன்ற ஆப்களுக்கு உங்கள் பெயரை நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை. உங்கள் எண்ணைத் தன் போனில் வைத்திருக்கும் யாராவது ஒருவர் கொடுத்தால் போதும்.

ஏற்காட்டில் வீட்டின் இரண்டு அறைகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். பெயர் லதா என்று வைத்துக்கொள்ளலாம். அவரிடம் இருப்பது பட்டன் போன். தங்கிவிட்டுப் போனவர்கள் அவர் எண்ணை ‘லதா ஏற்காடு ரூம்’ என்று சேமித்திருப்பார்கள். சேலத்தில் இருக்கும் தங்கைக்கு அவர் ‘லதா அக்கா’. மகளிர் குழுவில் இருப்பவர் போனில் ‘லதா லோன்’. இவர்களில் சிலர் தங்கள் கான்டாக்ட் பட்டியலைப் பார்க்க ஏதாவது ஒரு ஆப்புக்கு அனுமதி கொடுக்கிறார்கள். பட்டியலைத் தன் சர்வருக்கு எடுத்துப் போகும் ஆப்பாக இருந்தால், ஒரே எண்ணுக்கு அங்கே பல பெயர்கள் சேர்ந்துவிடும். கெட்கான்டாக்ட் இவற்றை டேக் என்று வரிசையாகவே காட்டுகிறது. மற்ற ஆப்கள் தங்கள் கணக்குப்படி ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் காட்டும்.

அந்த ஒன்று ‘லதா ஏற்காடு ரூம்’ ஆக இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மகள் படிக்கும் பள்ளிக்கு அவர் போன் செய்தாலும் எதிரில் இருப்பவர் திரையில் ‘ரூம்’ என்றுதான் வரும். ஒரு பெண்ணின் பெயரோடு அந்தச் சொல் சேர்ந்து நின்றால் அதைத் தப்பாகப் படித்துக்கொண்டு கூப்பிடுகிறவர்களும் வருவார்கள். பிழைப்புக்கான ஒரு குறிப்பு அவர் அனுமதி இல்லாமலேயே அவருடைய பெயராகிவிடுகிறது. எனக்கு இதில் மிகவும் வருத்தமான இடம் இதுதான்.

கான்டாக்ட் பட்டியல் மட்டும்தான் வழி என்றும் நினைத்துவிடாதீர்கள். அழைப்பு முடிந்ததும் ‘இவர் பெயர் என்ன?’ என்று சில ஆப்கள் கேட்கும். அங்கே யாரும் எதையும் தட்டிவிடலாம். பிளே ஸ்டோரில் உள்ள ஆப்கள் பிறருடைய கான்டாக்ட் விவரங்களை அனுமதியின்றி வெளியிடக் கூடாது என்பது கூகுளின் விதி. ஆனால் பிளே ஸ்டோருக்கு வெளியே, வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. கோப்பாக ஆப்பை ஏற்றினால் அந்தக் காவலும் இல்லை. அதனால் ஏ.பி.கே. வேண்டவே வேண்டாம்.

அடுத்த தவறு, ஆப்பை அழித்துவிட்டால் பெயரும் போய்விடும் என்று நம்புவது. போனிலிருந்து போவது ஆப் மட்டும்தான். பெயர் சர்வரில் அப்படியே இருக்கும். ட்ரூகாலரில் முதலில் ஆப்புக்குள் Settings, அதில் Privacy Center போய் Deactivate கொடுக்க வேண்டும். பிறகு truecaller.com/unlisting பக்கத்தில் +91 சேர்த்து எண்ணைப் போட்டு நீக்கச் சொல்ல வேண்டும். கணக்கே இல்லாத லதாவுக்கு இந்த இரண்டாவது படி மட்டும் போதும். அவருக்காகத் தங்கையே தன் போனில் செய்து கொடுக்கலாம். ஒரு நாள் கழித்து, ஆப் வைத்திருக்கும் ஒருவரிடம் அந்த எண்ணைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் ஓர் ஆப்பில் நீக்கினால் இன்னொன்றில் நீங்காது, ஒவ்வொன்றிலும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். நீக்கிய பிறகு அதே ஆப்பில் மறுபடி கணக்கு தொடங்கினால் பெயரும் திரும்ப வந்துவிடும்.

உங்கள் பங்குக்கு நீங்களும் மற்றவர்களைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கலாம். ‘டாக்டர் சுகர்’, ‘வட்டி பாக்கி’, ‘ஏ.டி.எம். பின்’ என்றெல்லாம் பெயர்ப் பகுதியில் எழுதி வைக்காதீர்கள். ஆப் ஏற்றும்போது கான்டாக்ட் அனுமதி கேட்டால் ‘வேண்டாம்’ கொடுத்துப் பாருங்கள். அது இல்லாமலேயே ஆப் வேலை செய்தால் நல்லது, செய்யாவிட்டால் அந்த ஆப் தேவையா என்று யோசிக்கலாம்.

திரையில் வரும் பெயரை அடையாளச் சான்றாக எடுத்துக்கொள்வதும் ஆபத்து. ‘பேங்க் மேனேஜர்’ என்று வருவதாலேயே அவர் மேனேஜர் ஆகிவிட மாட்டார். அந்தப் பெயரை அவரே கணக்கு தொடங்கி வைத்துக்கொண்டிருக்கலாம். ரத்தான எண்களைக் குறைந்தது 90 நாள் கழித்து நிறுவனங்கள் வேறொருவருக்குக் கொடுக்கின்றன. அப்போது பழைய உரிமையாளரின் பெயரே புதியவருக்கும் ஒட்டிக்கொண்டு வரும்.

அழைப்பவர் பெயரைக் காட்ட சி.என்.ஏ.பி. என்ற இன்னொரு முறை இருக்கிறது. இதைச் செயல்படுத்த 2024 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரை கொடுத்தது. சிம் வாங்கும்போது விண்ணப்பத்தில் கொடுத்த பெயரை நெட்வொர்க்கே எடுத்துக் காட்டும் முறை அது. கான்டாக்ட் பட்டியலுக்கு அதில் வேலை இல்லை. ஆனால் சிம் கணவர் பெயரிலோ மகன் பெயரிலோ இருந்தால் அவர் பெயர்தான் வரும். லதாவின் சிம் யார் பெயரில் இருக்கிறது என்று இப்போதே கேட்டு, தேவையானால் தன் பெயருக்கு மாற்றிக்கொள்வது நல்லது.