ஊசித்துளைக் கேமராவில் தெளிவைச் சோதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஷூ பெட்டியின் ஒரு பக்கம் துளை, எதிர்ப்பக்கம் டிரேசிங் பேப்பர். கேமரா ரெடி. ஆனால் துளையின் அளவும் தூரமும் பிம்பத்தின் தெளிவை எப்படி மாற்றுகின்றன என்று பார்க்க இறங்கினால், முதல் தவறு பெரும்பாலும் மெழுகுவர்த்தியிலேயே தொடங்கிவிடுகிறது. தலைகீழ்ப் பிம்பத்தைக் காட்ட மெழுகுவர்த்தி அருமையானது. தெளிவைச் சோதிக்க அது உதவாது. சுடருக்கே கூர்மையான ஓரம் கிடையாது, போதாததற்கு ஆடிக்கொண்டும் இருக்கும். பிம்பம் மங்கலாகத் தெரிந்தால் அது துளையின் குறையா, சுடரின் இயல்பா என்று சொல்ல முடியாது.

அதற்குப் பதில், ஒரு கறுப்பு அட்டையில் 5 மி.மீ. இடைவெளியில் இரண்டு சிறு ஓட்டைகள் போட்டு, எல்.இ.டி. பல்புக்கு முன்னால் வையுங்கள். இனிக் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: திரையில் இரண்டு புள்ளிகள் தனித்தனியாகத் தெரிகின்றனவா? "நன்றாக இருக்கிறது", "சுமாராக இருக்கிறது" என்று எழுதுவதைவிட இது எவ்வளவோ மேல்.

அடுத்தது, பெட்டி அட்டையிலேயே துளை போடுவது. அட்டை தடிமனானது, அதில் குத்தும் துளை உண்மையில் ஒரு குட்டிக் குழாய். உள்ளே நார்கள் வேறு நீட்டிக்கொண்டிருக்கும். அட்டையில் பெரிய சன்னல் வெட்டி, அதன்மேல் அலுமினிய ஃபாயிலை ஒட்டி, அதில் ஊசியால் குத்துங்கள். துளையின் அளவை ஊசியைப் பார்த்து ஊகிக்க வேண்டாம். ஊசி எவ்வளவு ஆழம் இறங்கியது என்பதைப் பொறுத்து அது மாறும். மி.மீ. கோடுகள் உள்ள ஸ்கேலைத் துளைக்குப் பக்கத்தில் வைத்து, ஃபோனில் நெருக்கமாகப் படம் எடுத்துப் பெரிதாக்கி அளக்கலாம்.

சரி, இப்போது சோதனை. ஓட்டைகள் போட்ட கறுப்பு அட்டை, பெட்டியின் துளையிலிருந்து 1 மீட்டர் தூரத்தில், திரை துளைக்குப் பின்னால் 20 செ.மீ. தூரத்தில் இருக்கட்டும். இரண்டு புள்ளிகளின் பிம்பங்களும் 1 மி.மீ. இடைவெளியில் விழும். துளை 2 மி.மீ. என்றால் ஒவ்வொரு புள்ளியும் 2.4 மி.மீ. பொட்டாக விரிந்து, இரண்டும் ஒரே திட்டாகிவிடும். 1 மி.மீ. துளையில் பொட்டு 1.2 மி.மீ.; இரண்டும் வேர்க்கடலை போல ஒட்டிக்கொண்டிருக்கும். 0.5 மி.மீ. துளையில்தான் அவை பிரிந்து நிற்கும்.

இதைப் பார்த்ததும் துளையை இன்னும் சிறிதாக்கத் தோன்றும். துளை சிறுத்தால் தெளிவு கூடும் என்பது ஓர் எல்லைவரைதான் உண்மை. 0.2 மி.மீ. துளையில் ஒளி, குறுகிய துளையைக் கடக்கும்போது வளைந்து பரவும் விளிம்பு விளைவால் விரிந்து, பொட்டு சுமார் 1.3 மி.மீ. அகலமாகிவிடும், பிரிந்த புள்ளிகளின் ஓரங்கள் மறுபடி ஒன்றன்மேல் ஒன்று ஏறும். 20 செ.மீ. தூரத்துக்கு அரை மி.மீ.யை ஒட்டிய துளைதான் சிறந்தது. 10 செ.மீ.க்கு 0.4, 40 செ.மீ.க்கு 0.7 என்று வைத்துக்கொள்ளலாம்.

இங்கே இன்னொரு குழப்பமும் வரும். துளையின் விட்டம் பாதியானால் உள்ளே வரும் ஒளி கால்பங்குதான். மங்கிய வெளிச்சத்தில் நம் கண்ணால் நுணுக்கங்களைப் பிரித்துப் பார்க்க முடியாது. அதனால் தெளிவான பிம்பத்தையே "தெளிவில்லை" என்று எழுதிவிடுவோம். தலைக்கு மேல் கறுப்புத் துணி போர்த்தி, கண் பழகச் சில நிமிடம் பொறுத்திருந்து பாருங்கள். ஃபோனில் எடுப்பதானால் நைட் மோட் வேண்டாம், அது தானாகவே படத்தை மெழுகிவிடும். ஐ.எஸ்.ஓ.வை மாற்றாமல், ஒளி கால்பங்கானால் ஷட்டர் நேரத்தை நான்கு மடங்காக்குங்கள்.

தூரத்தைச் சோதிக்கும்போதுதான் பலர் முடிவையே தலைகீழாக எழுதுகிறார்கள். லென்ஸில் போல இங்கே ஃபோகஸ் ஆகும் இடம் எதுவும் இல்லை. திரையை நகர்த்தி அதைத் தேடுவது வீண். அதே 1 மி.மீ. துளையை வைத்துக்கொண்டு திரையை மட்டும் 40 செ.மீ.க்குத் தள்ளுங்கள். பொட்டு 1.2 மி.மீ.யிலிருந்து 1.4 ஆகும். பொட்டின் அகலத்தை மட்டும் அளப்பவர் "தூரம் கூடினால் தெளிவு குறைகிறது" என்று எழுதுவார். ஆனால் புள்ளிகளின் இடைவெளி 1 மி.மீ.யிலிருந்து 2 மி.மீ. ஆகிவிட்டது! ஒட்டியிருந்தவை இப்போது பிரிந்து தெரியும். பிம்பம் வளரும் அளவுக்கு மங்கல் வளரவில்லை. ஆகவே மங்கலைத் தனியாக அளக்காமல், பிம்பத்தின் அளவோடு ஒப்பிட்டே பார்க்க வேண்டும்.

துளையையும் தூரத்தையும் ஒரே நேரத்தில் மாற்றினால் இந்தக் கணக்கு எதுவும் பிடிபடாது. ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டி நழுவும்படி செய்து, திரையை உள்பெட்டியில் ஒட்டினால் துளையைத் தொடாமலே தூரத்தை மாற்றலாம். அப்புறம், இந்தப் பெட்டியைச் சூரியன் பக்கம் திருப்பினால் பார்க்க வேண்டியது திரையை மட்டுமே. துளை வழியாக ஒருபோதும் பார்க்கக் கூடாது.