திருகோணமலையில் சேமிப்புக் கணக்கு: வட்டி தினமும் ஊறும், மாதக் கடைசியில்தான் விழும்

ஊருக்குப் போகும்போது கொண்டுபோகும் காசை நம்மில் பலர் அங்குள்ள சொந்தத்தின் சேமிப்புக் கணக்கில் போட்டுவைப்போம். சென்ற ஜூலையில் உப்புவெளியில் பெரியம்மா வீட்டு மதிலுக்காக நானும் அப்படித்தான் போட்டேன். 21ஆம் திகதி மேசனுக்குக் கொடுக்கக் காசு எடுத்த பிறகு பெரியம்மா வங்கிப் புத்தகத்தை அச்சிட்டுப் பார்த்தார். போட்டதும் எடுத்ததும் இருந்தன, வட்டி விழுந்த பதிவைக் காணவில்லை. "ஆறு இலட்சம் பதினைந்து நாள் கிடந்ததே தம்பி, ஒரு சதம்கூடப் போடேல்லையே" என்றார். கவுண்டரில் இருந்த பிள்ளை, "மாதக் கடைசியிலதான் விழும் அம்மா" என்று சொல்லிவிட்டது. அது சரிதான். ஆனால் அந்தப் பதினைந்து நாளுக்கும் வட்டி உண்டா என்பதுதான் பெரியம்மாவின் கவலை.

உண்டு. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து கணக்கை மூடும்போது என்ன மீதி நிற்கிறதோ, அதற்கு அன்றைய ஒரு நாள் வட்டியைக் கணினி கணித்துத் தனியாகக் குறித்துவைக்கும். மீதியை ஆண்டு வட்டி வீதத்தால் பெருக்கி 365ஆல் வகுத்தால் அந்த ஒரு நாள் வட்டி. எண்ண வசதியாக வீதம் 3.65 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு இலட்சத்துக்கு ஒரு நாளைக்குச் சரியாக 10 ரூபா.

பெரியம்மாவின் கணக்கில் ஜூலை 1 முதல் 5 வரை 50,000 ரூபா இருந்தது. நாளுக்கு 5 ரூபாவாக ஐந்து நாளுக்கு 25 ரூபா. 6ஆம் திகதி நான் 550,000 போட்டதும் மீதி 600,000. 20 வரை பதினைந்து நாள், நாளுக்கு 60 ரூபாவாக 900. 21ஆம் திகதி 400,000 எடுத்தோம், மீதி 200,000. அன்றிலிருந்து 31 வரை பதினொரு நாள், நாளுக்கு 20 ரூபாவாக 220. மொத்தம் 1,145 ரூபா. மாதத்தின் மிகக் குறைந்த மீதிக்குத்தான் வட்டி என்று பெரியம்மா நினைத்திருந்தார். அப்படிக் கணித்தால் 155 ரூபாதான் வரும். எடுத்த காசுக்கும் அது கிடந்த நாட்களின் வட்டி கைவிட்டுப் போகாது என்பதை இந்த வித்தியாசமே காட்டும்.

ஒன்றைக் கவனியுங்கள். 21ஆம் திகதி காலையில் எடுத்தாலும் மாலையில் எடுத்தாலும் அன்றைய மீதி 200,000தான். காலையில் போட்டு அன்றே எடுத்தால் வட்டி இல்லை. வெள்ளிக்கிழமை வங்கி மூடும்போது நின்ற மீதிக்குச் சனி, ஞாயிறும் வட்டி உண்டு, திங்கள் போயா வந்தால் அதற்கும் சேர்த்து. காசோலை மட்டும் வேறு கதை: கொடுத்த நாளில் இருந்து அல்ல, அதன் காசு கணக்குக்கு வந்து சேர்ந்த நாளில் இருந்துதான் எண்ணுவார்கள். எதிர்பார்த்ததைவிட வட்டி குறைந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

தினமும் கணிப்பதைத் தினமும் கணக்கில் சேர்த்தால் என்ன? 1,255 ரூபா கிடக்கும் ஒரு கணக்கை எடுங்கள். ஒரு நாள் வட்டி 12.55 சதம். அதைத் தினமும் முழுச் சதமாக்கினால் ஒவ்வொரு நாளும் ஒரு துளி கூடும், அல்லது குறையும். வங்கி அந்தப் பின்னங்களை அப்படியே சேர்த்துவைத்து மாதத்துக்கு ஒரு தடவை மட்டும் முழுமையாக்கும். வரியும் அந்த ஒரு தடவைதான் கழியும். இன்னொன்று, கணக்கில் விழுந்த வட்டி அடுத்த நாளில் இருந்து முதலாகி அதுவும் வட்டி ஈட்டும். எத்தனை நாளுக்கு ஒருமுறை அப்படிச் சேரும் என்பதும் வீதத்தைப் போலவே கணக்கின் நிபந்தனைகளில் ஒன்று. மாதாமாதம் சேர்வதால் உங்களுக்குப் பெரிய நட்டம் இல்லை: நம் 3.65 சதவீதத்தில் ஒரு இலட்சத்துக்கு ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஐந்தரை ரூபாதான் வித்தியாசம்.

வரி என்றேன் அல்லவா? 2025 ஏப்ரல் 1 முதல் வட்டியில் 10 சதவீதம் பிடிக்கிறார்கள். அதனால் 1,145இல் 114.50 போய் 1,030.50 நிற்கும். ஊரில் வசிப்பவரின் வருட வருமானம் 18 இலட்சத்துக்கு மேற்போகாவிட்டால், வங்கியில் சுய பிரகடனப் படிவம் கொடுத்து இந்தக் கழிவைத் தவிர்க்கலாம். பெரியம்மாவைப் போன்றவர்களுக்கு அந்தப் படிவத்தை நீங்கள் நிற்கும்போதே நிரப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

மாத நடுவில் விமானம் ஏறுகிறவர்கள் வட்டிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. காசை எடுத்தாலும் ஊறிய வட்டி மாதக் கடைசியில் அதே கணக்கில் விழும். ஆனால் கணக்கைத் துடைத்து எடுக்க வேண்டாம். குறைந்தபட்ச மீதிக்குக் கீழே போனால் சில கணக்குகளில் கட்டணம் கழிப்பார்கள், அந்த நாட்களுக்கு வட்டியும் இராது. கணக்கையே மூடுவதானால், அன்று வரை ஊறிய வட்டியைச் சேர்த்துத் தருகிறார்களா என்று கையெழுத்துப் போடும் முன் கேட்டு, மூடும்போது தரும் பற்றுச்சீட்டில் அந்த வட்டிப் பதிவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.