ஸ்லைடு மாஸ்டரில் சொந்த லேஅவுட் அமைப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்டையார்பேட்டையில் மாலை வேளைகளில் நான் நடத்தும் பவர்பாயிண்ட் வகுப்புக்கு வருவோரில் பெரும்பாலோர் துறைமுகத்தைச் சார்ந்த சரக்கு அலுவலகங்களிலும் மணலிப் பக்கத்து ஆலைகளிலும் வேலை பார்ப்பவர்கள். மாதந்தோறும் ஒரே அமைப்பில் அறிக்கை தயாரிக்க வேண்டியிருப்பதால், புகைப்படம், சார்ட், மேற்கோள், இரு பத்தி ஆகிய நான்குக்கும் ஒருமுறை லேஅவுட் செய்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பயன்படுத்த விரும்புகிறார்கள். தொடக்க காலத்தில் நான் இடறிய அதே இடங்களில் அவர்களும் இடறுவதைப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். எழுத்துரு, நிறம் போன்ற தெளிவான பிழைகளை விட்டுவிடுகிறேன்.

பிளேஸ்ஹோல்டரை அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்ப்பது

அதிகம் செலவு வைக்கும் தவறு இதுதான். இன்று வரை எனக்கு எரிச்சலூட்டுவதும் இதுவே, ஏனெனில் இதைச் செய்த நாளில் எந்தச் சேதமும் கண்ணுக்குத் தெரியாது.

ஸ்லைடில் நாம் இடும் படமோ எழுத்தோ லேஅவுட்டில் உள்ள ஒரு சட்டத்தோடு, அதாவது பிளேஸ்ஹோல்டரோடு, கட்டப்பட்டிருக்கிறது. அந்தக் கட்டு சட்டத்தின் இடத்தையோ அளவையோ பொறுத்ததன்று. சட்டத்தின் வகையையும் அதற்குள் மறைந்திருக்கும் ஓர் எண்ணையும் பொறுத்தது. கோப்பின் நகல் ஒன்றை எடுத்து அதன் பெயரின் இறுதியை .zip என்று மாற்றித் திறந்தால், ppt/slideLayouts என்ற உறையில் இருக்கும் ஒவ்வொரு லேஅவுட்டின் கோப்பிலும் இப்படிப்பட்ட வரிகளைக் காணலாம்:

```xml
<p:ph type="pic" idx="13"/>
<p:ph type="body" idx="14"/>
<p:ph type="body" idx="15"/>
```

முதல் வரி படத்துக்கான சட்டம். மற்ற இரண்டும் எழுத்துக்கானவை. ஸ்லைடின் கோப்பிலும் இதே idx எண் இருக்கும். லேஅவுட்டில் 14ஆம் சட்டத்தைக் கீழே இறக்கினால், கையால் நகர்த்தப்படாத எல்லா ஸ்லைடுகளிலும் 14ஆம் எழுத்து தானாகக் கீழே இறங்குவது இந்த எண்ணின் வழியாகத்தான். லேஅவுட்டில் சட்டத்தை அழித்துவிட்டு Insert Placeholder மூலம் அதே இடத்தில் அதே அளவில் இன்னொன்றை வரைந்தால், நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்; மென்பொருளுக்கோ அது வேறொரு சட்டம். பழைய ஸ்லைடுகளில் இருக்கும் எழுத்து கட்டு அறுந்து, பழைய இடத்திலேயே நின்றுவிடுகிறது.

ராயபுரத்தில் ஒரு சரக்கு நிறுவனத்தின் மாத அறிக்கையில் நடந்ததைச் சொல்கிறேன். புகைப்பட லேஅவுட்டில் ஒரு பெரிய படம், அதன் கீழே படக்குறிப்பு, அதற்கும் கீழே படம் எடுத்த இடமும் நாளும் என மூன்று சட்டங்கள் இருந்தன. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்கு எழுத்து அளவைத் திருத்தும்போது வரிசை குலைந்துவிட்டது. எழுத்துச் சட்டங்கள் இரண்டையும் அழித்துப் புதிதாக இரண்டை வரைந்து, கோப்பைச் சேமித்துவிட்டார். அன்று எல்லாம் சரியாகவே தெரிந்தது. அடுத்த மாதம் படக்குறிப்பைப் படத்தின் வலப்பக்கம் கொண்டுபோகச் சொன்னார்கள். லேஅவுட்டில் சட்டத்தை நகர்த்தியபோது புதிய ஸ்லைடுகள் மட்டும் மாறின, பழையவை அசையவில்லை. பதற்றத்தில் எல்லா ஸ்லைடுகளையும் தேர்ந்து Reset கொடுத்தார்கள். எண் பொருந்தாதபோது, எஞ்சியிருக்கும் எழுத்தை ஒரே வகைச் சட்டங்களில் எதில் போடுவது என்பதை மென்பொருள் ஊகித்தே முடிவு செய்கிறது. சில ஸ்லைடுகளில் படக்குறிப்பு நாளுக்கான சிறிய சட்டத்தில் நெருக்கிக்கொண்டு நின்றது; நாள் பெரிய எழுத்தில் வந்தது. ஒவ்வொரு ஸ்லைடாகப் பார்த்துக் கையால் திருத்துவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

ஆகவே சட்டத்தை நகர்த்துங்கள், நீட்டுங்கள், எழுத்தை மாற்றுங்கள். ஸ்லைடுகள் உருவான பின் அழிக்காதீர்கள். தவறி அழித்துவிட்டால் வேறு எதையும் தொடுவதற்கு முன் Ctrl+Z அழுத்துங்கள். எழுத்துச் சட்டத்தைப் படச் சட்டமாக மாற்றுவதற்குப் பொத்தான் எதுவும் இல்லை என்பதால், எந்த இடத்துக்கு எந்த வகை என்பதை முதலிலேயே காகிதத்தில் வரைந்து முடிவு செய்துகொள்வது நல்லது.

இதே காரணத்தால், உறவுள்ள லேஅவுட்டுகளைத் தனித்தனியாக வரையக் கூடாது. படம் இடப்பக்கம் இருக்கும் லேஅவுட்டை முழுமையாக முடித்து, அதன்மேல் வலச்சொடுக்கி Duplicate Layout கொடுத்து, நகலில் சட்டங்களை இடம் மாற்றினால் படம் வலப்பக்கம் வரும் லேஅவுட் கிடைத்துவிடும். நகலில் எண்கள் மாறுவதில்லை. அதனால் ஒரு ஸ்லைடை இதிலிருந்து அதற்கு மாற்றும்போது படக்குறிப்பு படக்குறிப்புக்கே போகும். இரு பத்தி லேஅவுட்டையும் வெற்றிடத்திலிருந்து தொடங்காமல், உடன் வரும் Two Content லேஅவுட்டின் நகலிலிருந்தே செய்யச் சொல்கிறேன்.

கட்டு அறாமல் இருக்கிறதா என்று அறிய, ஓர் அசல் ஸ்லைடை நிரப்பி, லேஅவுட்டில் ஒரு சட்டத்தைச் சற்றே நகர்த்திப் பாருங்கள். ஸ்லைடு அசையவில்லை என்றால் இரண்டில் ஒன்றுதான் காரணம்: ஸ்லைடில் யாரோ அதைக் கையால் நகர்த்தியிருக்கிறார்கள், அல்லது கட்டு அறுந்திருக்கிறது. முதலாவது Reset கொடுத்தவுடன் சரியாகிவிடும். இரண்டாவதா என்று அறிய, மேலே சொன்னபடி இரு கோப்புகளின் idx எண்களையும் ஒப்பிட வேண்டும்.

படச் சட்டத்தின் வடிவம்

Picture வகைச் சட்டம் தன்னை முழுவதும் நிரப்பும்படி படத்தை வெட்டிக்கொள்ளும். Content வகைச் சட்டமோ படத்தை வெட்டாமல் தன் அளவுக்குள் அடக்கும். எண்ணூர் கிடங்குகளிலிருந்து வாட்ஸ்அப்பில் வரும் படங்கள் பெரும்பாலும் போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தவை. அவற்றை அகலமான Picture சட்டத்தில் போட்டால் கொள்கலனின் எண் எழுதிய பகுதியே வெட்டுப்பட்டுப் போகும். Crop பொத்தானை அழுத்திப் படத்தை உள்ளே நகர்த்தலாம், ஆனால் அதை ஒவ்வொரு ஸ்லைடிலும் செய்ய வேண்டியிருக்கும். நிமிர்ந்த படங்கள் அடிக்கடி வருமானால் அவற்றுக்கென ஒரு நகல் லேஅவுட் செய்துவிடுவதே என் பழக்கம்.

மேற்கோளில் புள்ளிகள்

Text வகைச் சட்டம் மாஸ்டரின் உள்ளடக்கப் பகுதியிலிருந்து தன் தோற்றத்தைப் பெறுகிறது. அதனால் மேற்கோளுக்கு முன்னால் புள்ளியும் உள்தள்ளலும் தாமாகவே வந்து நிற்கும். அவற்றை ஸ்லைடில் நீக்குவது வீண். லேஅவுட்டிலேயே முதல் நிலைக்குப் புள்ளியை எடுத்துவிட்டு, உள்தள்ளலைப் பூஜ்யமாக்கி, மற்ற நான்கு நிலைகளின் வரிகளை அழித்துவிட வேண்டும். அங்கேயே Do not Autofit என்பதையும் தேர்ந்துவிடுங்கள். இல்லையென்றால் நீண்ட மேற்கோள் ஒரு ஸ்லைடில் சிறிய எழுத்திலும் குறுகியது அடுத்ததில் பெரிய எழுத்திலும் வரும். அறிக்கை முழுவதும் ஒரே கை எழுதியதாகத் தெரியாது.

சார்ட்

படமாக ஒட்டப்பட்ட சார்ட் Chart வகைச் சட்டத்துக்குள் அமராது.

பெயர்

1_Custom Layout என்ற பெயரை அப்படியே விட்டுவைக்காதீர்கள், Rename கொடுங்கள்.

ஒட்டுதல்

வேறு கோப்பிலிருந்து ஸ்லைடை எடுத்துவந்து Keep Source Formatting கொடுத்து ஒட்டினால், அந்தக் கோப்பின் மாஸ்டரும் கூடவே வந்து தங்கிவிடும். Use Destination Theme கொடுத்து ஒட்டிய பின், அந்த ஸ்லைடுக்கு நம் நான்கு லேஅவுட்டுகளில் ஒன்றை நாமே தேர்ந்து கொடுக்க வேண்டும்.