டிக்கெட் விற்றால் ரசீதா, டாக்ஸ் இன்வாய்ஸா? எல்லையோர நிகழ்ச்சி அமைப்பாளர்களுக்கு

கொழிஞ்சாம்பாறையில் நாங்கள் நடத்தும் இன்னிசை இரவுக்கு டிக்கெட் வாங்குவோரில் பாதிப் பேர் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வருகிறார்கள். நிகழ்ச்சி கேரளத்தில், வாங்குபவர் தமிழ்நாட்டில். இந்த இடத்தில்தான் பில் போடுவதில் தவறு நேர்கிறது. முதலிலிருந்து பார்ப்போம்.

1. ஜிஎஸ்டி பதிவு வேண்டுமா?

ஒரு நிதியாண்டில் உங்கள் மொத்த வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பதிவு கட்டாயம். வரி விலக்குள்ள டிக்கெட் வசூலும் இந்தக் கணக்கில் சேரும். ஆனால் நீங்கள் விற்பது எல்லாமே வரி விலக்கு உள்ளதுதான் என்றால், 20 லட்சத்தைத் தாண்டினாலும் பதிவு தேவையில்லை. எங்கள் குழு சவுண்டு செட்டையும் வாடகைக்கு விடுகிறது. அதற்கு வரி உண்டு என்பதால் பதிவு செய்திருக்கிறோம்.

பதிவு இல்லாதவர்கள் சாதாரண ரசீது கொடுத்தால் போதும். அமைப்பின் பெயர், வரிசை எண், தேதி, தொகை, எந்த நிகழ்ச்சி என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். அடிக்கட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள். அந்த ரசீதில் ‘ஜிஎஸ்டி’ என்ற சொல்கூட வரக் கூடாது. பதிவில்லாதவர் வரி வசூலிப்பதைச் சட்டம் தடுக்கிறது.

2. 500 ரூபாய்க் கோடு

நாடகம், நடனம், சர்க்கஸ், இசை நிகழ்ச்சி ஆகியவற்றுக்கு ஒருவருக்கு 500 ரூபாய் வரை நுழைவுக் கட்டணம் என்றால் ஜிஎஸ்டி கிடையாது. அதற்கு மேலே போனால் 18 சதவீதம். பதிவு செய்தவர் முதல் வகைக்கு ‘பில் ஆஃப் சப்ளை’ கொடுக்க வேண்டும், இரண்டாவது வகைக்கு டாக்ஸ் இன்வாய்ஸ். 200 ரூபாய்க்குக் குறைந்த டிக்கெட்டுக்கு, வாங்குபவர் பதிவில்லாதவராக இருந்து பில்லும் கேட்கவில்லை என்றால், தனித்தனியாக எழுத வேண்டாம். அன்றைய விற்பனை முழுவதற்கும் சேர்த்து இரவில் ஒரே பில் எழுதலாம்.

கணக்கு ‘ஒருவருக்கு’ என்பதை மறக்காதீர்கள். நான்கு பேர் போகும் குடும்ப டிக்கெட்டை 1,200 ரூபாய்க்கு விற்றால், ‘நான்கு பேருக்கு’ என்று டிக்கெட்டிலேயே அச்சிடுங்கள். இல்லாவிட்டால், பின்னால் கணக்குப் பார்ப்பவருக்கு அது 1,200 ரூபாய் டிக்கெட்டாகத்தான் தெரியும்.

3. இன்வாய்ஸில் என்னென்ன?

உங்கள் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண், இன்வாய்ஸ் எண், தேதி, என்ன சேவை, அதன் குறியீடு (கலை, பொழுதுபோக்குச் சேவைகளுக்கு 9996), எத்தனை டிக்கெட், வரிக்கு முந்தைய விலை, வரி விகிதம், வரித் தொகை, கையெழுத்து. வாங்குபவர் பதிவு செய்தவர் என்றால் அவருடைய பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண்ணும் வேண்டும். பில் ஆஃப் சப்ளையில் வரி விவரம் மட்டும் இருக்காது.

இன்வாய்ஸ் எண்ணில் கவனமாக இருங்கள். அது 16 எழுத்துகளுக்கு மிகாமல், விட்டுப்போகாமல் வரிசையாக வர வேண்டும், ஒரே நிதியாண்டில் இரண்டு முறை வரக் கூடாது. இரண்டு கவுண்டரிலும் ஒன்றிலிருந்து எண் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். கவுண்டருக்கு ஓர் எழுத்து வையுங்கள், தனித்தனி வரிசைக்கு அனுமதி உண்டு:

```
A/25-26/0001
B/25-26/0001
```

4. பொள்ளாச்சிக்காரருக்கு எந்த வரி?

எங்கள் முன்வரிசை டிக்கெட் 708 ரூபாய். அதில் விலை 600, வரி 108. பொள்ளாச்சியில் கடை வைத்திருக்கும் ஒருவர் பத்து டிக்கெட் வாங்கி, 33 என்று தொடங்கும் தன் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்தார். 33 தமிழ்நாடு, 32 கேரளம். அந்த எண்ணைத் தட்டியதும் பில் போடும் ஆப் தானாகவே 1,080 ரூபாயை, மாநிலம் விட்டு மாநில விற்பனைக்குப் போடும் ஐஜிஎஸ்டி என்று மாற்றிவிட்டது. நானும் கவனிக்காமல் அச்செடுத்துக் கொடுத்துவிட்டேன்.

அது தவறு. நுழைவு டிக்கெட்டுக்கு, நிகழ்ச்சி எங்கே நடக்கிறதோ அதுதான் சேவை வழங்கிய இடம். வாங்குபவரின் ஊர் கணக்கில் வராது. நாங்களும் கேரளத்தில், அரங்கும் கேரளத்தில் என்பதால், பாதி மத்திய அரசின் சிஜிஎஸ்டி, பாதி மாநில அரசின் எஸ்ஜிஎஸ்டி என்று இப்படித்தான் வர வேண்டும்:

| | ரூபாய் |
|---|---|
| விலை (600 × 10) | 6,000 |
| சிஜிஎஸ்டி 9% | 540 |
| எஸ்ஜிஎஸ்டி 9% (கேரளம்) | 540 |
| மொத்தம் | 7,080 |

மொத்தத் தொகை மாறாததால் கண்ணில் படாது. அச்செடுப்பதற்கு முன்னால் ஆப்பில் ‘சேவை வழங்கிய இடம்’ என்ற கட்டத்தைத் திறந்து, கேரளம் என்று இருக்கிறதா பாருங்கள். கேரளத்தின் வரியைத் தமிழ்நாட்டுப் பதிவில், தான் கட்ட வேண்டிய வரியிலிருந்து கழிக்கும் உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதையும் விற்கும்போதே வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை, அவர் திரும்ப வந்து கேட்டார்.

5. நிகழ்ச்சி ரத்தானால்

கொடுத்த இன்வாய்ஸைக் கிழித்துப் போடாதீர்கள். பழைய இன்வாய்ஸ் எண்ணைக் குறிப்பிட்டு, அந்தத் தொகையைக் கழித்துக் காட்டும் கிரெடிட் நோட் எழுதி, அதோடு பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். முன்பணத்துக்கு ரசீது வவுச்சர் மட்டும் கொடுத்து, இன்வாய்ஸ் இன்னும் போடவில்லை என்றால், அப்போது எழுத வேண்டியது ரீஃபண்ட் வவுச்சர்.